உங்களுக்குத் தெரியுமா? ‘இது போதும்’ என்பதும் ஒரு கணக்குதான்

வீட்டை விற்பவர், வரக்கூடிய எல்லா விலைகளையும் அறிந்த பிறகா முடிவெடுக்கிறார்? அதற்கு நேரமும் போதாது, தகவலும் போதாது. அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1955இல் எழுதிய கட்டுரையில் இந்த உதாரணத்தைத்தான் எடுத்துக்கொண்டார். விற்பவர் மனத்தில் ‘இவ்வளவு வந்தால் போதும்’ என்று ஒரு விலை இருக்கும். அதை எட்டும் முதல் ஆளுக்கே வீட்டைக் கொடுத்துவிடுவார். அந்த விலையும் மாறக்கூடியதுதான். நல்ல விலைக்குக் கேட்பவர்கள் அடுத்தடுத்து வந்தால் ஏறும். வாரக்கணக்கில் யாரும் வராவிட்டால் இறங்கும். இதைச் சோம்பல் என்று சொல்வது தவறு. காத்திருப்பதற்கும் தேடுவதற்கும் செலவு உண்டே! எப்போதும் உச்ச லாபத்தையே கணக்கிடும் மனிதனை நம்பியிருந்த பொருளியலுக்கு இது பெரிய சவால். முடிவெடுத்தல் பற்றிய ஆய்வுகளுக்காக 1978இல் சைமன் பொருளியல் நோபல் பரிசு பெற்றார்.