கிண்ணத்தில் மூன்று மாம்பழம்

எழுதிக் கொடுக்கும் வாசகத்தைப் படமாக்கித் தரும் கணினி மாதிரிகள் 2022 ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் கைக்கு எட்டும் பொருளாயின. பாலர் கணக்குப் புத்தகம் ஒன்றுக்கு, "ஒரு கிண்ணத்தில் மூன்று மாம்பழம்" என்னும் படம் வேண்டும் எனக் கொள்வோம். வாசகத்தைக் கொடுத்ததும் படம் வந்து விடுகின்றது. பழத்தின் மஞ்சளும், தோல்மீது படிந்த ஒளியும், கிண்ணத்தின் நிழலும் ஒளிப்படமோ என ஐயுறுமாறு அமைந்திருக்கின்றன. ஆனால் எண்ணிப் பார்த்தால் பழங்கள் நான்கு. வேறொரு முறை ஐந்து. கணக்குப் புத்தகத்தில் இப்படம் அழகுக் குறைவன்று, பிழையான கணக்கு. இத்துணைத் திறன் வாய்ந்த மாதிரி இதில் இடறுவது ஏன்?

ஓவியர் ஒரு பழம் வரைந்து, இரண்டாவதை வரைந்து, மூன்றாவதுடன் கையை நிறுத்துவார். மாதிரி அவ்வாறு வரைவதில்லை. ஸ்டேபிள் டிஃபியூசன் என்னும் மாதிரியின் முதற் பதிப்புகளை எடுத்துக் கொள்ளலாம். அது பக்கத்துக்கு 64 கட்டங்கள் கொண்ட ஒரு பலகையில், ஒழுங்கற்ற புள்ளிக் கலவையுடன் தொழிலைத் தொடங்குகின்றது. ஐம்பது படிகள் என்று வைத்தால், ஒவ்வொரு படியிலும் கலவையிற் சிறிதளவு நீக்கப்பட்டு உருவம் தெளிகின்றது. பலகை முழுவதும் ஒருங்கே தெளிகின்றதேயன்றி ஒரு பழத்தின்பின் மற்றொரு பழமாக அன்று. ஒவ்வொரு கட்டமும் வாசகத்தின் சொற்களை நோக்கி, "நான் மாம்பழத்தின் பகுதியாகலாமா?" என்று வினவுவது போன்ற நிலை. அயற் கட்டங்களையும் அது நோக்குகின்றது. ஆயினும் தோற்றம் பொருந்துகின்றதா என்பதே அங்கு பார்க்கப்படுவது. "மூன்று ஆகிவிட்டது, இனி வேண்டா" என்று சொல்லும் கணக்கப்பிள்ளை அப்பலகையில் எங்கும் இல்லை.

எண்ணிக்கை முடிவாகும் வேளையும் கவனிக்கத் தக்கது. முதற் சில படிகளிலேயே மங்கலான மஞ்சட் திட்டுகள் தோன்றிவிடுகின்றன. திட்டு நான்கு விழுந்தால் பழமும் பெரும்பாலும் நான்கே. பிற்படிகள் தோலையும் காம்பையும் திருத்துமேயன்றி, முழுப் பழமொன்றை அகற்றுவது அரிது.

அப்படியாயின் "மூன்று" என்ற சொல் என்ன செய்கின்றது? அதன் வலிமை குறைவு. அம்மாதிரிக்குச் சொற்பொருள் உணர்த்தும் பகுதி, ஓப்பன்ஏஐ நிறுவனம் 2021 இல் வெளியிட்ட கிளிப் என்பதாகும். ஏறத்தாழ 40 கோடி படங்களையும் அவற்றோடு வந்த குறிப்புகளையும் இணை சேர்க்கப் பழக்கி அது உருவாக்கப்பட்டது. மாம்பழப் படத்துக்குரிய குறிப்பை மோட்டார் வண்டி, கடற்கரை, பூனை என்பவற்றின் குறிப்புகளிலிருந்து பிரித்தறிய வேண்டுமாயின் "மாம்பழம்" என்ற சொல்லே போதும். எண்ணைக் கற்க வேண்டிய நெருக்கடி எழவில்லை. அன்றியும், பழக்கிண்ணத்தைப் படம் பிடிப்பவர் எத்தனை பழம் என்று எழுதி வைப்பதும் அருமை. கிண்ணம் என்றாலே குவியல் என்ற பழக்கம் மாதிரியில் ஊறிவிடுகின்றது.

இக் காரணம் மெய்யென்பதற்கு ஒரு சான்று உண்டு. 2023 இல் கூகுள் ஆய்வாளர் சிலர், சரியான குறிப்புடன் எண்ணை மட்டும் மாற்றிய பொய்க் குறிப்பையும் வைத்து, மெய்யானதைத் தேருமாறு கிளிப்பைப் பழக்கினர். பத்து வரையான எண்களில் அதன் அறிவு மேம்பட்டது. பின்வந்த மாதிரிகளும் சிறு எண்களில் முன்னேறியுள்ளன. எண் பெருகப் பிழையும் பெருகுகின்றது.

"சரியாக மூன்று, நான்கு அன்று" என்று வற்புறுத்தி எழுதுவதால் பயன் சிறிதே. மறுப்புச் சொல்லை மாதிரி நன்கு உணராது; "நான்கு" என்பதே அங்கு மேலும் ஒரு சொல்லாகப் போய்ச் சேரும். எண்ணிக்கையை மாதிரியிடம் விடாது முன்னரே நிலைநிறுத்துவதே வழி. வெற்றுத் தாளில் ஒரு கிண்ணமும் ஒன்றையொன்று தொடாத மூன்று மஞ்சள் முட்டை வடிவங்களும் வரைந்து, அப்படத்தைத் தொடக்கமாகக் கொடுக்க வேண்டும். அதன்மீது புள்ளிக் கலவையை அளவாகவே சேர்க்கலாம். மிகுதியாகச் சேர்த்தால் வரைந்த திட்டுகள் கரைந்து நான்காம் பழம் மீண்டும் முளைக்கும். குறைத்தாலோ பழங்கள் வண்ணக் கட்டிகளாகவே நின்றுவிடும். நடுவளவைச் சில முறை முயன்றே காண வேண்டும்.

கிடைத்த படத்தைக் கண்ணோட்டத்தால் ஏற்பதும் தவறு. ஒவ்வொரு பழத்தின் விளிம்பையும் விரலாற் சுற்றி, காம்புகளையும் எண்ண வேண்டும். ஒரே விளிம்புக்குள் இரு காம்பு இருப்பின் இரு பழம் ஒட்டிப் பிறந்துள்ளது என்பது பொருள். பின்புறத்தே விளிம்பு மட்டும் எட்டிப் பார்க்கும் மஞ்சட் பிறையை ஒரு பிள்ளை பழமென எண்ணும், மற்றொரு பிள்ளை எண்ணாது. அத்தகைய பிறையை அழித்து, அவ்விடத்தைக் கிண்ணத்தின் உட்புறமாக மீள வரைவித்த பின்னரே படம் புத்தகத்துக்குச் செல்லலாம்.