18 வயதுக்குப் பிறகு யார் கையெழுத்திடுவது?

மகன் பெயரில் தாய் திறந்த சேமிப்புக் கணக்கு, அவனுக்கு 18 வயது நிறைந்ததும் தாயின் கையை விட்டுப் போகிறது. மைனர் கணக்குக்குக் காப்பாளராக அவள் இட்ட கையெழுத்து அதன்பின் செல்லாது. கணக்கு வைத்திருப்பவரே வந்து தன் அடையாளச் சான்றுகளையும் மாதிரிக் கையெழுத்தையும் தர வேண்டும் என்று வங்கி கேட்கும். அறிவுசார் குறைபாட்டோடு வளர்ந்த மகனுக்குப் பணம் எடுக்கும் படிவம் எதற்கு என்றே புரியாமல் இருக்கலாம். அப்படியிருந்தும், சட்டத்தின் கணக்கில் அவன் வயது வந்தவன். பெற்றவளே ஆனாலும் அவன் பணத்தைத் தொட அவளுக்கு அதிகாரம் இல்லை. இந்த இடைஞ்சல் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. மாறியிருப்பது அதிலிருந்து வெளியேறும் வழிதான்.

முன்பு அந்த வழி மாவட்ட நீதிமன்றத்தின் ஊடாகப் போனது. காப்பாளர் நியமனத்துக்கான 1890ஆம் ஆண்டுச் சட்டம் மைனர்களுக்கு மட்டுமே உரியது. வயது வந்தவருக்காக 1912ஆம் ஆண்டின் சித்தபிரமைச் சட்டத்தைத்தான் நாட வேண்டும். அதன்படி மகனைப் 'பைத்தியம்' என்று நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்தால்தான் அவன் சொத்துக்கு ஒரு மேலாளரை நியமிக்கும். சில ஆயிரம் ரூபாய் வைப்புத்தொகைக்காக எந்தத் தாய் அந்தப் படியேறுவாள்? அதனால் பணத்தை அண்ணன் பெயரிலோ அக்காள் பெயரிலோ போட்டார்கள், அல்லது நகையாக்கிப் பெட்டியில் வைத்தார்கள். அண்ணன் நல்லவனாகவே இருந்தாலும், அவன் கடனில் மூழ்கினால் அவன் பெயரில் கிடக்கும் தம்பியின் பணமும் சேர்ந்தே மூழ்கும். தம்பியின் பணம் அது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

பிறகு வந்த சட்டம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1993இல் நடைமுறைக்கு வந்த 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநோயாளி என்பதன் வரையறையிலிருந்து மனவளர்ச்சிக் குறைபாட்டை விலக்கியது. மருத்துவ ரீதியாக அது சரி, மனவளர்ச்சிக் குறைபாடு நோய் அல்லவே. ஆனால் பழைய சட்டம் போனபோது அதிலிருந்த காப்பாளர் ஏற்பாடும் போயிற்று. புதிய சட்டத்திலோ இவர்களுக்கு இடமே இல்லை. சில ஆண்டுகள் இந்தக் குடும்பங்களுக்கு நேரடியான சட்டவழி எதுவும் இருக்கவில்லை.

அந்தப் பள்ளத்தை நிரப்பியது 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது அது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஓர் உள்ளூர் நிலைக் குழு அமைகிறது. பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் உறுப்பினர்கள். வயது வந்தவருக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலரை இந்தக் குழுவே நியமிக்கிறது. வழக்கறிஞர் வேண்டாம், வழக்கு எண் வேண்டாம். குழு தரும் சான்றிதழை நம்பிக் கணக்கு திறக்கலாம், இயக்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2007இல் வங்கிகளுக்குத் தெரிவித்தது.

நடைமுறையில் இது எப்படிப் போகும் என்பதற்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசு ஊழியராக இருந்த கணவர் காலமாகி, மனைவி குடும்ப ஓய்வூதியம் பெறுகிறார். மகனுக்கு வயது 31. தனக்குப் பிறகு அந்த ஓய்வூதியம் மகனுக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதற்காக அவன் பெயரில் கணக்கு வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக அவர் படிவம் 'ஏ'யில் விண்ணப்பிக்கிறார். மகனின் ஊனச் சான்று அல்லது தனித்துவ அடையாள அட்டை, வயதுச் சான்று, இருப்பிடச் சான்று, இருவரின் புகைப்படம் ஆகியவற்றை இணைக்கிறார். குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி என்பதால், காத்திருப்பை அதற்கேற்பக் கணக்கிட்டுக்கொள்கிறார். செப்டம்பர் 10ஆம் தேதி படிவம் 'பி'யில் நியமன ஆணை வருகிறது.

வங்கிக்கு அந்த ஆணையோடு ஊனச் சான்று, மகனின் ஆதார், தாயின் ஆதார், பான் அட்டை, புகைப்படங்கள் போதும். மகனுக்குப் பான் இல்லாவிட்டால் படிவம் 60 தரலாம், அல்லது அவன் சார்பில் தாயே கையெழுத்திட்டுப் பான் வாங்கலாம். கணக்கு மகனின் பெயரில் இருக்கும், பாதுகாவலர் என்ற முறையில் தாய் கையெழுத்திடுவார். கூட்டுக் கணக்காக எழுத விடக் கூடாது. அதில் மகனும் கணக்குதாரராகக் கையெழுத்திட வேண்டியிருக்கும், பழைய சிக்கல் திரும்ப வரும்.

இங்கேதான் பெரும்பாலும் இடறுகிறது. ஆதாரில் தந்தை பெயர் முழுதாக விரிந்திருக்கும், சான்றிதழில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். இருவரும் ஒருவரே என்று வங்கி ஒப்பாது. ஆகவே விண்ணப்பிக்கும்போதே எல்லாத் தாள்களிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இன்னொன்று, இந்த நடைமுறையை ஒருமுறையும் பார்த்திராத அலுவலர் 'கோர்ட் ஆர்டர் கொண்டு வாருங்கள்' என்று திருப்பி அனுப்புவது. அப்போது வாக்குவாதம் வேண்டாம். வாடிக்கையாளர் சேவை பற்றிய ரிசர்வ் வங்கியின் விதிகளில் இந்தப் பகுதி இருக்கிறது, அதன் அச்சுப்படியை வைத்து எழுத்தில் விண்ணப்பித்து, மறுப்பையும் எழுத்திலேயே கேட்க வேண்டும். ஓய்வூதியத்துக்கு இன்னொரு பிடியும் உண்டு. மகனுக்காக அதைப் பெற்றுக்கொள்ள ஒருவரை ஊழியரோ, அவரது துணையோ முன்கூட்டியே நியமித்திருந்தால் மத்திய ஓய்வூதிய விதி அதை ஏற்கிறது. நீதிமன்றச் சான்றிதழ் கேட்டு வங்கி நிறுத்தக் கூடாது.

ஆனால் சான்றிதழ் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. நியமனமான ஆறு மாதங்களுக்குள், நம் தாயின் கணக்கில் மார்ச் 10க்குள், மகனின் சொத்துப் பட்டியலைக் குழுவுக்குத் தர வேண்டும். வைப்புத்தொகை, நகை, கடன் எல்லாம் அதில் வரும். அதற்குப் பிறகு நிதியாண்டு முடிந்த மூன்று மாதங்களுக்குள், அதாவது ஜூன் 30க்குள், ஆண்டுதோறும் வரவுசெலவுக் கணக்கு தர வேண்டும். ஓய்வூதியத்தையும் உதவித்தொகையையும் தன் கணக்கில் கலந்துவிட்டவருக்கு இதை எழுதுவது பெரும்பாடு. மகனின் கணக்கிலிருந்தே மகனுக்குச் செலவிட்டால் பாஸ்புக்கே கணக்குப் புத்தகமாகிவிடும். அண்ணன் பெயரில் பணம் கிடந்த காலத்தில் இல்லாத காவல் இது. இதை வெறும் சம்பிரதாயமாக நினைப்பது மகனுக்குச் செய்யும் அநீதி என்பேன்.

இன்றைய நிலையில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. அறிவுசார் குறைபாடு என்ற சொல்லைக் கேட்டதுமே பாதுகாவலர் சான்றிதழ் கேட்கும் பழக்கம். லேசான குறைபாடுள்ள பலர் கையெழுத்திடுவார்கள், நூறு ரூபாய்க்கும் ஐந்நூறு ரூபாய்க்கும் வேறுபாடு தெரிந்தவர்கள், சம்பளம் வாங்குபவர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமையை அவர்களுக்கும் மற்றவர்களுக்குச் சமமாகத் தருகிறது. அறக்கட்டளைச் சட்டமும், பாதுகாவலர் தேவையா, எதற்காகத் தேவை என்பதைக் குழு முதலில் பார்க்க வேண்டும் என்கிறது. அப்படிப்பட்டவர் தானே கணக்கு திறக்கக் கேட்டால், அவரை வீட்டாரிடம் திருப்பி அனுப்ப வங்கிக்கு நியாயம் இல்லை.

அந்தத் தாய்க்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. பாதுகாவலர் இறந்தால் அந்தச் சான்றிதழால் பயனில்லை. புதியவர் நியமனமாகும் வரை கணக்கிலிருந்து பணம் எடுக்க ஆள் இருக்காது. வளர்ந்த மகள் அடுத்த பாதுகாவலராகத் தயார் என்றால், பழைய படிவம் 'பி'யின் நகல், மகனின் ஊனச் சான்று, ஆண்டுக் கணக்குகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு அவள் கையில் இப்போதே கொடுத்துவிட வேண்டும். தாய் இருக்கும்போதே மகள் விண்ணப்பித்தால் தாயின் சம்மதக் கையெழுத்தையும் பெற்றுவிடலாம்.