நின்றால் ஓர் உயரம், படுத்தால் இன்னோர் உயரம்: எலும்புக்கூடுகளை அடையாளம் காண்பதில் இரண்டு சென்ரிமீற்றரின் கதை

காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரைப் பற்றிய விபரங்களைத் திரட்டும்போது உறவுகளிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று அவரது உயரம். மனிதப் புதைகுழியில் எலும்புக்கூடு எடுக்கப்பட்டால் நிபுணர்களும் அதன் உயரத்தைக் கணிப்பார்கள். பின்னர் இந்த இரண்டு எண்களும் ஒப்பிடப்படும். ஆனால் இரண்டும் ஒரே வகையான உயரம்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வளர்ந்த ஒருவரை நிற்க வைத்து அளந்தால் கிடைக்கும் உயரம், படுக்க வைத்து அளந்தால் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கும். வித்தியாசம் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று சென்ரிமீற்றர் வரை. இதற்கு முதற் காரணம் முதுகெலும்பு. முள்ளெலும்புகளுக்கு இடையே நீர் நிறைந்த மென்மையான தட்டுகள் உள்ளன. நிற்கும்போது உடலின் பாரம் அவற்றை அழுத்த, நீர் சிறிது சிறிதாக வெளியேறி அவை மெலிகின்றன. படுத்தால் பாரம் நீங்குகிறது, நீர் மீளவும் ஊறுகிறது. காலையில் எழுந்தவுடன் இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு சென்ரிமீற்றருக்கும் மேலாகக் குறைவதும் இதனால்தான். அத்துடன் நிற்கும்போது முதுகின் வளைவுகள் கூடுகின்றன. குதிக்காலின் தசையும் முழங்கால் குருத்தெலும்பும் அமுங்குகின்றன.

இறந்த உடலில் தசைகளின் இறுக்கமும் தளர்ந்துவிடுவதால் அதன் நீளம் உயிருடன் நின்ற உயரத்தைவிட மேலும் தெளிவாகக் கூடுகிறது. அமெரிக்க மானிடவியலாளர் மில்ட்றெட் ட்றொட்டர், இரண்டாம் உலகப் போரில் இறந்த படையினரின் எச்சங்களை அடையாளம் காணும் பணியில் 1948இல் ஹவாயில் ஈடுபட்டார். படையில் சேரும்போது அவர்களை நிற்க வைத்து எடுத்த அளவுகள் கோப்புகளில் இருந்தன. அவரும் கோல்டீன் கிளேசரும் 1952இல் வெளியிட்ட ஆய்வு, சடலத்தின் உயரம் உயிருடனான உயரத்தைவிட ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் கூடுதல் என்று கணித்தது. தொடை எலும்பு போன்ற நீண்ட எலும்புகளிலிருந்து உயரம் கணிக்கும் அவர்களது சூத்திரங்கள் இன்றும் பரவலாக அறியப்பட்டவை.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். சடலங்களை அளந்து உருவாக்கிய ஒரு சூத்திரத்தின்படி, ஓர் எலும்புக்கூட்டின் உயரம் 171 சென்ரிமீற்றர் என்று வருகிறது. தன் மகன் 164 சென்ரிமீற்றர் என்கிறார் தாய். அது வைத்தியசாலைக் கிளினிக்கில் நிற்க வைத்து எடுத்த அளவு. இடைவெளி 7 சென்ரிமீற்றர். சூத்திரத்தின் வழு எல்லை இருபுறமும் ஏறத்தாழ 6.5 சென்ரிமீற்றர் என்று கொண்டால், 164.5க்குக் கீழே இருப்பவர் விலக்கப்படுவார். ஆனால் 171இலிருந்து 2.5ஐக் கழித்தால் 168.5. எல்லை 162 முதல் 175 வரை ஆகிறது. இப்போது மகன் அதற்குள்ளேயே இருக்கிறார். கழிக்க மறந்த 2.5 சென்ரிமீற்றர், சரியான ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கும். அதேவேளை, உயிருடன் நின்ற உயரத்தையே நேரடியாகத் தரும் சூத்திரங்களும் உண்டு. அவற்றில் மீண்டும் கழித்தால் எதிர்ப்பக்கத்தில் தவறு நேரும். எனவே எந்தச் சூத்திரம், எந்த மக்கள் கூட்டத்தை அளந்து உருவாக்கப்பட்டது என்று கேட்பது நியாயமான கேள்வி. அமெரிக்கர்களின் கால் எலும்புக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் நம்மவர்களுக்கு அப்படியே பொருந்த வேண்டுமென்பதில்லை.

இந்த எல்லைக்குள் வரக்கூடியவர்கள் ஏராளம் என்பதால் உயரம் மட்டும் யாரையும் அடையாளப்படுத்தாது. அது பட்டியலைச் சுருக்க மட்டுமே உதவும். முடிவைத் தருவது மரபணுப் பரிசோதனையும் பற்களின் பதிவும் போன்ற சான்றுகளே.

உறவுகள் உயரத்தைச் சொல்லும்போது அது எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. கிளினிக் அட்டையில் இருந்ததா, பாடசாலையில் அளந்ததா, அல்லது "அப்பாவின் அளவு" என்ற நினைவா? கடைசி வகையில் ஒரு சிக்கல் உண்டு. நடுவயதைக் கடந்தபின் முதுகெலும்புத் தட்டுகள் மெலிந்து, முதுகும் கூனுவதால் உயரம் மெல்லக் குறைகிறது. இன்று அப்பாவை அளந்து அந்த எண்ணைக் கொடுத்தால், மகன் காணாமல் ஆக்கப்பட்ட ஆண்டில் அவருக்கு இருந்த உயரத்தைவிட அது சில சென்ரிமீற்றர் குறைவாக இருக்கலாம். அப்பாவின் பழைய அளவு எங்காவது பதிவில் இருந்தால் அதையே கொடுக்க வேண்டும்.

உயிருடன் இருப்பவர்களிடமும் இதே விதிதான். நிற்க முடிந்தவருக்கு, உடற்திணிவுச் சுட்டி கணிப்பதற்கும் அடையாளப் பதிவுக்கும் நின்ற உயரமே பொருத்தம். முள்ளந்தண்டு காயத்தால் எழுந்து நிற்க முடியாதவருக்குப் படுத்த நீளத்தை எடுக்கலாம். தலை ஒரு பலகையைத் தொட, பாதம் செங்குத்தாக நிற்க, உடலின் பக்கமாகச் சமதளத்தில் அளக்க வேண்டும். வயிற்றின் மேலாக நாடாவை இழுத்தாலோ, பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்போது விரல் நுனிவரை அளந்தாலோ நீளம் பொய்யாகக் கூடும். எடுத்த எண்ணுக்குப் பக்கத்தில் "படுத்த நிலையில்" என்று எழுதிவிட்டால், அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவர் அதை நின்ற உயரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.