‘ஐ ஆம் போரிங்’ என்றால் யாருக்குச் சலிப்பு?

ஆங்கிலத்தில் உணர்ச்சியைக் குறிக்கும் பெயரடைகள் பல இரட்டையாக வருகின்றன. போர்ட்–போரிங், எக்ஸைட்டட்–எக்ஸைட்டிங், கன்ஃப்யூஸ்ட்–கன்ஃப்யூஸிங் என்று ஒவ்வொரு இரட்டையும் ஒரே வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. ‘போர்’ என்ற வினைக்குச் சலிப்பூட்டுவது என்று பொருள். ‘தி ஃபிலிம் போர்ட் மீ’ என்ற வாக்கியத்தில் சலிப்பை ஊட்டுவது படம், அதற்கு ஆளாவது பார்த்தவர். ஊட்டுகிற பக்கத்துக்கு ‘இங்’ விகுதி, ஆளாகிற பக்கத்துக்கு ‘எட்’ விகுதி. ஆகவே படம் போரிங், பார்த்தவர் போர்ட்.

இதை மாற்றி ‘ஐ ஆம் போரிங்’ என்று சொன்னால் இலக்கணப்படி வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் பொருள் ‘என்னோடு பேசினால் மற்றவர்களுக்குச் சலிப்புத் தட்டும்’ என்பதாகிவிடுகிறது. எழுத்துப் பிழை போல இது கண்ணில் உறுத்துவதில்லை. சொன்னவரின் கருத்தை அறிந்தவருக்கே தவறு தெரியும்.

தமிழ் பேசுபவர்களிடம் இந்தக் குழப்பம் வருவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பள்ளியில் ‘இங்’ என்றால் நிகழ்காலம், ‘எட்’ என்றால் இறந்தகாலம் என்று மனப்பாடம் செய்வது. இப்போது சலிப்பாக இருப்பவருக்கு, அந்தக் கணக்கில் ‘இங்’தான் சரியென்று படும். பெயரடையாக வரும்போது இந்த விகுதிகளுக்குக் காலத்தோடு தொடர்பே இல்லை. ‘யூ வில் பி டயர்ட் டுமாரோ’ என்று நாளைய களைப்பைக்கூட ‘எட்’ வடிவத்தில்தான் சொல்கிறார்கள். இதைக் காலப் பாடத்தோடு சேர்க்காமல் தனியே சொல்லிக்கொடுத்தால் பாதித் தவறு குறையும்.

இரண்டாவது காரணம் தமிழின் வாக்கிய அமைப்பு. ‘எனக்குக் குழப்பமா இருக்கு’ என்கிறோம். குழப்பத்தைத் தருவது எது என்று இந்த வாக்கியம் சொல்வதில்லை. அதை அனுபவிப்பவர் எழுவாயாகவும் வருவதில்லை. இதை ஆங்கிலமாக்கும்போது ‘எனக்கு’ என்பது ‘ஐ’ ஆகி எழுவாயின் இடத்துக்குப் போகிறது. அப்படிப் போனதும் பெயரடை ‘கன்ஃப்யூஸ்ட்’ ஆக வேண்டும். ‘இட்’ என்று தொடங்கி, குழப்பும் பொருளையே எழுவாயாக வைத்தால் ‘கன்ஃப்யூஸிங்’ சரி.

எது பொருந்தும் என்று சோதிக்கத் தமிழிலேயே வழி இருக்கிறது. சலிப்பூட்டும், குழப்பமூட்டும், ஏமாற்றமளிக்கும் என்று ‘ஊட்டும்’ அல்லது ‘அளிக்கும்’ சேர்த்துப் பொருந்தினால் ‘இங்’. சலிப்படைந்த, குழப்பமடைந்த, ஏமாற்றமடைந்த என்று ‘அடைந்த’ பொருந்தினால் ‘எட்’.

கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைப் பற்றி ஒரு மாணவர் எழுதுவதாகக் கொள்வோம்: ‘தி மேட்ச் வாஸ் எக்ஸைட்டிங். வி வேர் வெரி எக்ஸைட்டிங். பட் தி ரிசல்ட் வாஸ் டிஸப்பாயின்ட்டட்.’ பரபரப்பூட்டியது ஆட்டம் என்பதால் முதல் வாக்கியம் சரி. இரண்டாவதில் ‘நாங்கள் பரபரப்பூட்டினோம்’ என்று வந்துவிட்டது. அவர் நினைத்தது பரபரப்படைந்ததை. அதற்கு ‘எக்ஸைட்டட்’ வேண்டும். மூன்றாவதில் ஆட்டத்தின் முடிவு ஏமாற்றம் அடைய முடியாது, அளிக்கத்தான் முடியும். அங்கே ‘டிஸப்பாயின்ட்டிங்’ வர வேண்டும்.

இதிலிருந்து ‘மனிதருக்கு எட், பொருளுக்கு இங்’ என்று விதி வகுப்பது எளிது. பல வகுப்பறைகளில் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த விதி பாதி தூரம்தான் வரும். மற்றவர்களுக்குச் சலிப்பூட்டும் பேச்சாளரை ‘போரிங் ஸ்பீக்கர்’ என்பது சரியே. அவரே தன் பேச்சில் சலித்துப்போனால் ‘போர்ட் ஸ்பீக்கர்’. ‘எ வொரீட் லுக்’ என்று பார்வைக்கும் ‘எட்’ வரும். கவலை பார்வைக்கு இல்லை, அந்தப் பார்வைக்கு உரியவருக்கு. ஆகவே ஆளா பொருளா என்று பார்ப்பதைவிட, உணர்ச்சி யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பதே நம்பகமானது.

பின்னால் வரும் சிறு சொல்லும் துணை செய்யும். ‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘டயர்ட் ஆஃப்’, ‘எக்ஸைட்டட் அபௌட்’ என்று ‘எட்’ வடிவங்கள் தமக்கென ஓர் உருபைச் சேர்த்துக்கொள்கின்றன. வேலைக்கு விண்ணப்பிப்பவர் ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்’ என்று எழுதினால், ‘இன்’ என்ற சொல்லே பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

எல்லா வினைகளும் இப்படி ஒழுங்காக இரட்டை பிறப்பதில்லை. பயந்தவர் ‘ஸ்கேர்ட்’, ஆனால் பயமுறுத்தும் படம் பெரும்பாலும் ‘ஸ்கேரி’. மன அழுத்தத்தில் இருப்பவர் ‘ஸ்ட்ரெஸ்ட்’, அதைத் தரும் வேலை ‘ஸ்ட்ரெஸ்ஃபுல்’. மனம் கவரப்பட்டவர் ‘இம்ப்ரெஸ்ட்’, கவர்ந்த பேச்சு ‘இம்ப்ரெஸிவ்’. இவற்றில் ‘எட்’ பக்கம் விதிப்படியே நிற்கிறது. ‘இங்’ இருக்க வேண்டிய இடத்தில் வேறு சொல் வந்து அமர்ந்திருப்பதால், அந்தச் சொற்களைத் தனித்தனியாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.