முடங்காமை விகிதம் (கைப்பேசிச் செயலி)

முடங்காமை விகிதம் என்பது, ஒரு கைப்பேசிச் செயலியைக் குறிப்பிட்ட காலத்தில் பயன்படுத்தியவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்கு அது நடுவில் தானாக மூடிக்கொள்ளாமல் இயங்கியது என்பதைக் காட்டும் அளவு ஆகும். செயலி இவ்வாறு திடீரென மூடிக்கொள்வதைப் பேச்சுவழக்கில் 'கிராஷ் ஆவது' என்பர். செயலியை வெளியிட்ட பின் அதன் நலத்தைக் கண்காணிக்க வைக்கப்படும் இலக்குகளில் இதுவே முதலாவதாக இடம்பெறுகிறது. ஆனால் இலட்சக்கணக்கான பயனர்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட இலக்கைச் சில நூறு பயனர்களே உள்ள சிறு குழு அப்படியே எடுத்துக்கொண்டால், அது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடும்.

## கணக்கிடும் முறை

எடுத்துக்காட்டாக, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வீடுகளுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் போடும் கடைகளுக்காக, மூவர் கொண்ட குழு ஒன்று ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை வெளியிட்டிருப்பதாகக் கொள்வோம். அதை நாளொன்றுக்கு 400 பேர் பயன்படுத்துகின்றனர். அவர்களுள் 360 பேர் கேன் கேட்கும் வீட்டார். 40 பேர் கேன் போடும் பணியாளர்கள். அனைவரும் சேர்ந்து ஒரு நாளில் 2,000 முறை செயலியைத் திறக்கின்றனர். இப்படித் திறந்து பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஓர் 'அமர்வு' எனப்படும்.

ஒரு நாளில் செயலி 8 முறை முடங்கியது என்றால், 2,000 அமர்வுகளில் 1,992 குறையின்றி முடிந்தன. எனவே அமர்வு அடிப்படையில் விகிதம் 99.6%. அந்த எட்டு முடக்கமும் எட்டு வெவ்வேறு பேருக்கு நேர்ந்திருந்தால், பயனர் அடிப்படையில் விகிதம் 98%. எட்டும் ஒரே ஆளுக்கு நேர்ந்திருந்தால் அது 99.75%. முதல் நிலையில் கோளாறு பலரையும் தொடுகிறது. இரண்டாம் நிலையில் ஒருவருக்குச் செயலியே பயன்படாமல் போயிருக்கிறது. அமர்வு விகிதம் இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால், அதை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

கால அளவும் எண்ணை மாற்றும். நாள்தோறும் வெவ்வேறு 4 பேருக்குச் செயலி முடங்கினால் நாள் விகிதம் 99%. அதே 400 பேரை ஒரு வாரத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் 28 பேர் பாதிக்கப்பட்டிருப்பர். வார விகிதம் 93%. எனவே இலக்கை எழுதும்போது பயனரா அமர்வா, நாளா வாரமா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

## கூகுள் பிளே வரம்பு

கூகுள் பிளே, செயலி கண்ணெதிரே இயங்கும்போது முடங்குவதை நாள் பயனர் கணக்கில் அளக்கிறது. முடக்கத்தைச் சந்தித்தவர்கள் மொத்தத்தில் 1.09 விழுக்காட்டையோ, ஏதேனும் ஒரு கைப்பேசி மாதிரியில் 8 விழுக்காட்டையோ எட்டினால், பிளே ஸ்டோரில் அச்செயலி கண்ணில் படுவது குறையக்கூடும். மேற்கண்ட 400 பேரில் நாளுக்கு 4 பேர் என்றால் 1%. ஐந்தாவது ஆள் சேர்ந்தால் 1.25%. ஒரே ஒரு ஆள்தான் வரம்புக்கு இப்பக்கமும் அப்பக்கமும் ஆக்குகிறார்.

## சிறிய எண்ணிக்கையின் சிக்கல்

புதிய பதிப்பை முதலில் 10% பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்பது வழக்கம். 400 பேரில் அது 40 பேர். அவர்களில் ஒருவருக்கும் செயலி முடங்கவில்லை என்றால் விகிதம் 100% எனக் காட்டும். ஆனால் அது பெரிய சான்று அன்று. புள்ளியியலில் 'மூன்றின் விதி' என ஒன்று உண்டு: n பேரைப் பார்த்து ஒரு குறையும் காணாவிட்டால், உண்மையான குறை விகிதம் 3/n வரை இருக்கலாம் என 95% உறுதியுடன் கூறலாம். 3/40 என்பது 7.5%. அதாவது நூற்றுக்கு ஏழு பேருக்கு முடங்கும் பதிப்பும் இந்தச் சோதனையில் தப்பிவிடக்கூடும். குறை 1 விழுக்காட்டுக்குள் இருப்பதாகச் சொல்ல, 300 பேர் குறையின்றிப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

ஆகவே சிறு குழுவுக்கு விழுக்காட்டைவிட ஆள் கணக்கே பொருந்தும். 'ஒரே இடத்தில் வெவ்வேறு இருவருக்கு முடங்கினால் வெளியீட்டை நிறுத்துவது' என்பது அத்தகைய விதி. நிறுத்தினாலும் புதிய பதிப்பை ஏற்கெனவே பெற்றவர்களின் கைப்பேசியில் அது அப்படியே இருக்கும். அவர்களுக்குப் பழைய நிலையைத் திருப்பித் தர, கூடுதல் `versionCode` எண்ணுடன் இன்னொரு பதிப்பை அனுப்ப வேண்டும்.

## உயரும் எண், குறையும் ஆள்

கேன் போடும் பணியாளர்கள், திரும்பப் பெற்ற காலிக் கேன்களைப் படம் எடுத்துப் பதிவுசெய்யும் வசதி செயலியில் இருப்பதாகக் கொள்வோம். அவர்களில் 20 பேரிடம் ஆண்ட்ராய்டு 7 இயங்கும் ஒரே பழைய மாதிரிக் கைப்பேசி உள்ளது. நாள்தோறும் அவர்களில் அதே 4 பேருக்குச் செயலி முடங்குகிறது. மொத்த விகிதம் 99%. பிளே வரம்புக்குள்தான் இருக்கிறது. அந்த மாதிரியை மட்டும் பிரித்துப் பார்த்தால் 20 பேரில் 4 பேர், அதாவது 20% பாதிப்பு.

முடக்க அறிக்கையில் `OutOfMemoryError` எனக் காண்பது காரணத்தைக் காட்டும். 4000 × 3000 புள்ளிகள் கொண்ட படத்தை முழு அளவில் விரித்தால், புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 மெகாபைட் நினைவகம் வேண்டும். மூன்று படங்கள் ஒருசேரத் திரையில் இருந்தால் 144 மெகாபைட். நினைவகம் குறைந்த கைப்பேசி ஒரு செயலிக்கு அவ்வளவு இடம் தராது. படத்தைத் திறக்கும்போதே `inSampleSize = 4` எனக் கொடுத்தால் நீள அகலம் நான்கில் ஒன்றாகி, படம் ஒன்றுக்கு 3 மெகாபைட் போதும்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? அந்த நால்வரும் சில நாட்களில் செயலியை விட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவர். மீதமுள்ள 396 பேருக்கு எதுவும் முடங்காது. விகிதம் 100% ஆகிவிடும். கோளாறு அப்படியே இருக்க, எண் மட்டும் உயர்ந்திருக்கிறது. பயன்படுத்துவோர் எண்ணிக்கையை, அதிலும் பணியாளர் எண்ணிக்கையைத் தனியாக, பக்கத்திலேயே வைத்துப் பார்த்தால்தான் இது புலப்படும்.

## உடன் வைக்கும் இலக்குகள்

முடங்காமை விகிதத்தில் சேராத இரு குறைகள் உண்டு. ஒன்று, செயலி மூடாமல் உறைந்து நிற்பது. தொடுதலுக்கு 5 நொடி வரை பதில் தராவிட்டால் ஆண்ட்ராய்டு இதனை 'ஏ.என்.ஆர்.' எனத் தனியே பதிவுசெய்கிறது. கூகுள் பிளே இதற்கு வைத்துள்ள மொத்த வரம்பு 0.47%; 400 பேரில் இருவருக்கு நேர்ந்தாலே அது மீறப்படும். மற்றொன்று, பிழையை நிரலிலேயே பிடித்து மறைத்துவிடுவது. அப்போது செயலி முடங்காது. ஆனால் 'கேன் வேண்டும்' என்று அழுத்தியவருக்குக் கேனும் வராது. எனவே அந்தக் குழுவின் இலக்குப் பட்டியல் இவ்வாறு அமையலாம்:

- முடக்கத்தைச் சந்தித்தவர்கள் நாளுக்கு 3 பேருக்கு மேல் இல்லை. ஒரே கைப்பேசி மாதிரியில் இருவர் இல்லை.
- உறைதலைச் சந்தித்தவர் நாளுக்கு ஒருவருக்கு மேல் இல்லை.
- 'கேன் வேண்டும்' என அழுத்தப்பட்ட 100 முறையில் 98 முறையாவது கடைக்குப் பதிவு சென்றுசேர வேண்டும்.
- செயலியைத் திறந்த பணியாளர் எண்ணிக்கை முந்தைய வாரத்தைவிட இரண்டுக்கு மேல் குறைந்தால், குறைந்தவர்களைத் தொலைபேசியில் கேட்பது.

## வரையறைகள்

கிராஷ்லிட்டிக்ஸ் போன்ற கருவிகளில், முடக்க அறிக்கை பெரும்பாலும் செயலி அடுத்த முறை திறக்கப்படும்போதுதான் அனுப்பப்படுகிறது. முடங்கியவுடன் செயலியை நீக்கிவிட்டவரின் அறிக்கை வந்துசேராது. இணைய இணைப்பு இல்லாதவருடையது தாமதமாக வரும். எனவே நேற்றைய எண் இன்று சற்றுக் குறைவது இயல்பு. வெளியீட்டு நாளன்று மாலை காணும் எண்ணை முடிவாகக் கொள்ளலாகாது. மேலும், பயனர் மிகக் குறைவாக இருந்தால் கூகுள் பிளே தன் அளவீடுகளைக் காட்டுவதில்லை என்பதால், சிறு குழுக்கள் செயலிக்குள்ளேயே தமது கணக்கையும் வைத்திருக்க வேண்டியுள்ளது.