கெம்போங் மீன் விலை ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது?

"என்ன அண்ணே, நேற்று கிலோ 15 ரிங்கிட்தானே சொன்னீங்க? இன்னிக்கு ஏன் 16?"

"ஏலத்திலேயே 2 ரிங்கிட் ஏறிடுச்சு அக்கா. நான் 1 ரிங்கிட்தான் ஏத்தியிருக்கேன்."

காலைச் சந்தையில் அம்மாவுடன் நின்றிருந்தால் இப்படியொரு உரையாடலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மாணவர்களே, அந்த அண்ணன் சொன்னதைச் சற்றுக் கவனியுங்கள். அவர் வாங்கிய விலை 2 ரிங்கிட் கூடியது. விற்கும் விலையை மட்டும் அவர் 1 ரிங்கிட்தான் கூட்டினார். மீதி 1 ரிங்கிட்டை அவர் கையிலிருந்து கொடுத்துவிட்டாரா? இல்லை. அன்று அவர் குறைவாக மீன் வாங்கினார். அது எப்படிக் கணக்கைச் சரி செய்கிறது என்று பார்ப்போம்.

காதோடு சொல்லும் விலை

கெடா மாநிலத்தில் கோலா மூடா என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அங்குள்ள 'பாசார் பிசிக்' மிகவும் பெயர் பெற்றது. பிசிக் என்றால் மலாயில் காதோடு பேசுவது. படகிலிருந்து இறங்கிய மீனைச் சுற்றி வியாபாரிகள் கூடுவார்கள். தாங்கள் தரத் தயாரான விலையை ஒவ்வொருவரும் ஏலம் விடுபவரின் காதில் மெதுவாகச் சொல்வார்கள். அதிக விலை சொன்னவருக்கு மீன் போகும். ஒருவர் சொன்ன விலை அடுத்தவருக்குத் தெரியாது.

இந்த ஏலத்தில் நீங்கள் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று பார்த்து 50 சென் கூட்ட வழியில்லை. குறைத்துச் சொன்னால் மீன் கிடைக்காது. கூட்டிச் சொன்னால் மீன் கிடைக்கும், லாபம் கிடைக்காது. ஆகவே, காதருகே குனிவதற்கு முன்பே உங்கள் மனத்தில் ஓர் எண் தயாராக இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கடையில் விற்கப் போகும் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் பெற முடியும்.

ஒரு நாள் கணக்கு

இதே முறையில் ஏலம் எடுக்கும் ஒரு சிறு கடைக்காரரைக் கற்பனை செய்வோம். அவர் விற்பது கெம்போங் மட்டும். தமிழ்நாட்டில் கானாங்கெளுத்தி என்றும் அயிலை என்றும் சொல்வார்களே, அதே மீன். கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நாம் வைத்துக்கொண்டவை.

ஏலத்தில் கிலோ 10 ரிங்கிட்டுக்கு 30 கிலோ எடுக்கிறார்: 300 ரிங்கிட். மீனின் எடைக்குச் சமமாக 30 கிலோ ஐஸ், கிலோ 25 சென் வீதம் 7 ரிங்கிட் 50 சென். வேன் எண்ணெய், கடை வாடகை, பிளாஸ்டிக் பை எல்லாம் சேர்த்து 40 ரிங்கிட். ஆக மொத்தச் செலவு 347 ரிங்கிட் 50 சென்.

இனி விலை. தினமும் எந்த விலைக்கு எத்தனை கிலோ போனது என்று அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறார். சாதாரண நாளில் 14 ரிங்கிட் என்றால் 32 கிலோ வரை போகும். 15 என்றால் 30 கிலோ. 16 என்றால் 24 கிலோ. 17 என்றால் 16 கிலோதான். பலர் அடுத்த கடைக்கோ கோழிக் கடைக்கோ போய்விடுவார்கள். காலை பதினொன்றரை மணிக்கு மேல் மிச்சத்தைக் கிலோ 8 ரிங்கிட்டுக்குத் தள்ளிவிடலாம். ஆனால், அந்த நேரத்தில் வருபவர்கள் சிலரே. 6 கிலோவுக்கு மேல் போகாது.

15 ரிங்கிட்டுக்கு 30 கிலோவும் விற்றால் வரவு 450. லாபம் 102 ரிங்கிட் 50 சென். 16 வைத்தால் 24 கிலோவுக்கு 384, மிச்சம் 6 கிலோவுக்கு 48, மொத்தம் 432. லாபம் 84 ரிங்கிட் 50 சென். விலை கூடியது, லாபம் குறைந்தது. அதனால்தான் 15.

மிச்சமாகும் கிலோ என்ன செய்யும்?

"நன்றாகப் போகிறதே, 40 கிலோ வாங்கினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் மழை வருகிறது.

அவருடைய நோட்டுப் புத்தகத்தில் பத்து நாள்களைப் பாருங்கள். சம்பளம் வந்த வாரம், விடுமுறை என்று 3 நாள்களில் 40 கிலோ கேட்டார்கள். 5 நாள்களில் 30 கிலோ. மழை பெய்த 2 நாள்களில் 20 கிலோதான். காலையில் ஏலம் எடுக்கும்போது இன்று எந்த வகை நாள் என்று அவருக்குத் தெரியாது.

தினமும் 30 கிலோ வாங்கினால், 8 நாள்களில் 102.50 வீதம் லாபம். மழை நாளில் 20 கிலோவுக்கு 300, மலிவில் 6 கிலோவுக்கு 48. செலவு போக 50 சென் மிஞ்சும். 4 கிலோ குப்பைக்குப் போகும். பத்து நாளுக்குச் சேர்த்து 821 ரிங்கிட்.

தினமும் 40 கிலோ வாங்கினால் செலவு 450. நல்ல நாளில் 150 ரிங்கிட் லாபம். பார்க்க ஆசையாக இருக்கும். சாதாரண நாளில் 48. மழை நாளில் 102 ரிங்கிட் நட்டம். பத்து நாளுக்கு 486 ரிங்கிட்தான். சரி, பயந்துகொண்டு 20 கிலோ மட்டும் வாங்கினால்? மழையோ வெயிலோ தினமும் 55. பத்து நாளுக்கு 550.

ஏன் இப்படி? கூடுதலாக வாங்கும் ஒரு கிலோவுக்கு ஏல விலையும் ஐஸும் சேர்த்து 10 ரிங்கிட் 25 சென். அது 15க்கு விற்றால் 4 ரிங்கிட் 75 சென் கிடைக்கும். குப்பைக்குப் போனால் 10 ரிங்கிட் 25 சென் போகும். வீணாகும் ஒரு கிலோ, விற்ற இரண்டு கிலோவின் லாபத்தை விழுங்கிவிடுகிறது. கடை வாடகை இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதையும் கவனியுங்கள். 30 கிலோ வாங்கினாலும் 40 கிலோ வாங்கினாலும் வாடகை ஒன்றுதான்.

ஐஸ் என்ன வேலை செய்கிறது?

மீன் கெடுவதற்கு அதன் உடலில் உள்ள நொதிகளும் நுண்ணுயிர்களும் காரணம். வெப்பம் கூடக்கூட இரண்டும் வேகமாக வேலை செய்யும். உணவு அறிவியலாளர்கள் ஓர் எளிய விதி வைத்திருக்கிறார்கள். வெப்பநிலையைப் பத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணை அதனாலேயே பெருக்க வேண்டும். 0 பாகை செல்சியஸில் மீன் கெடும் வேகத்தை ஒன்று என்று வைத்தால், 5 பாகையில் அது இரண்டேகால் மடங்கு. 10 பாகையில் 4 மடங்கு. அதாவது, 10 பாகையில் 4 மணி நேரம் கிடந்த மீன், ஐஸில் 16 மணி நேரம் இருந்த மீனுக்குச் சமம். இந்த விதி குளிர்ந்த நிலைக்கு நன்றாகப் பொருந்தும். நம் ஊர் வெயிலுக்கு இதை அப்படியே நீட்டிப் பார்த்தால் தோராயமாகத்தான் இருக்கும்.

எவ்வளவு ஐஸ் வேண்டும்? ஒரு கிலோ மீனை ஒரு பாகை குளிர வைக்க ஏறக்குறைய 3.6 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 30 கிலோ மீனை 28 பாகையிலிருந்து 0 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3000 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூலை உறிஞ்சும். ஆகவே, 9 கிலோ ஐஸ் போதும்! பிறகு எதற்கு 30 கிலோ? மற்ற 21 கிலோவும் காலை முழுவதும் பெட்டியின் சுவர் வழியாகவும் திறந்த மேல்பக்கம் வழியாகவும் நுழையும் வெப்பத்துடன் போராடுவதற்கு. கடையை மூடும்போது மீன்களுக்கிடையே கொஞ்சம் ஐஸ் மிஞ்சியிருந்தால் அளவு சரி. வெறும் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் போதவில்லை என்று பொருள்.

அந்த 7 ரிங்கிட் 50 சென்னை மிச்சப்படுத்தினால் என்ன ஆகும்? ஒன்பது மணிக்குள் 18 கிலோ 15 ரிங்கிட்டுக்குப் போய்விட்டது என்று வையுங்கள். அதற்குப் பிறகு மீனின் கண் மங்கி, வயிறு தளர்ந்துவிடும். யாரும் முழு விலை தர மாட்டார்கள். 270ம் மலிவில் 6 கிலோவுக்கு 48ம் சேர்ந்து 318. செலவு 340. அதாவது 22 ரிங்கிட் நட்டம்.

இப்போது பின்னோக்கி

சரி, காதில் சொல்லும் எண்ணுக்கு வருவோம். பத்து நாளின் சராசரிப்படி 30 கிலோவுக்கு வரவு ஏறத்தாழ 429 ரிங்கிட் 60 சென். ஐஸும் மற்றச் செலவும் 47.50 போக, தன் கூலி 70 ரிங்கிட்டையும் கழித்தால் மிஞ்சுவது 312. அதை 30ஆல் வகுத்தால் கிலோவுக்கு 10 ரிங்கிட் 40 சென். அதற்கு மேல் அவர் சொன்னால் தன் கூலியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

மறுநாள் மீன் வரத்து குறைந்து ஏல விலை 12க்குப் போய்விட்டது. வழக்கமான வாடிக்கையாளர்களுக்காகக் கடையைத் திறந்தே ஆக வேண்டும். வழக்கம்போல் 30 கிலோ வாங்கி, விலையில் 2 ரிங்கிட்டை அப்படியே ஏற்றி 17 வைத்தால், 16 கிலோதான் போகும். 87 ரிங்கிட் 50 சென் நட்டம். பழைய 15க்கே 30 கிலோவும் விற்றால் லாபம் 42.50. 24 கிலோ மட்டும் வாங்கி 16 வைத்தால் செலவு 334, வரவு 384, லாபம் 50. கூலியில் 20 ரிங்கிட் குறைந்தாலும் மூன்றில் இதுதான் மேல். "1 ரிங்கிட்தான் ஏத்தியிருக்கேன்" என்று அந்த அண்ணன் சொன்னதன் பின்னால் இந்த 24 கிலோ இருக்கிறது.

கடைசி 4 கிலோ

மழை நாளில் குப்பைக்குப் போன அந்த 4 கிலோவை நினைத்துப் பாருங்கள். அதை நாளைய மீனோடு கலந்துவிட்டால் 60 ரிங்கிட் வருமே என்று ஒரு கடைக்காரருக்குத் தோன்றலாம். காலை முழுவதும் நன்றாக ஐஸில் இருந்த மீனை, நேற்றைய மீன் என்று சொல்லி மலிவாக விற்பதில் தவறில்லை. ஐஸ் கரைந்து வெப்பத்தில் கிடந்த கெம்போங்கை விற்பது வேறு விஷயம். கெம்போங், சூரை, சாடின் போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். வெப்பத்தில் சில நுண்ணுயிர்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அது சேர்ந்த மீனைத் தின்றவருக்கு முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும். குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. கண்ணுக்கோ மூக்குக்கோ அது தெரிந்தாக வேண்டும் என்பதும் இல்லை.

அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது மீனின் கண்ணையும் செவுளையும் பார்ப்பதோடு, பெட்டிக்குள்ளும் ஒரு பார்வை பாருங்கள். பத்து மணிக்கும் மீன்களுக்கிடையே ஐஸ் இருக்கிறதா? இருந்தால், நீங்கள் கொடுக்கும் விலையில் அதற்கான 25 சென்னும் அடங்கியிருக்கிறது.