சிவந்த தோலும் நான்கு விடைகளும்

செவிலியர் தேர்வுகளில் இப்படி ஒரு கேள்வி வரும். பக்கவாதம் வந்த 68 வயதுப் பெண். இடது கையும் காலும் அசையவில்லை. மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. சிறுநீர் போவது தெரிவதில்லை. காலையில் உடம்பைத் துடைத்துவிடும்போது, முதுகு முடிந்து பிட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு சிவப்பு தெரிகிறது. விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்கவில்லை. செவிலியர் முதலில் என்ன செய்ய வேண்டும்? சிவந்த இடத்தை நன்றாகத் தேய்த்துவிடுவதா, இடுப்புக்கு அடியில் காற்று வளையம் வைப்பதா, அந்த இடத்தின் மேல் பாரம் விழாதபடி திருப்பிப் படுக்க வைப்பதா, மருத்துவரிடம் சொல்லிக் களிம்பு எழுதி வாங்குவதா?

மூன்றாவதுதான் சரியான விடை. ஆனால் நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பங்களில் பெரும்பாலும் நடப்பது மற்ற மூன்றும்தான். அவை ஏன் தவறு என்பதைத் தெரிந்துகொண்டால் படுக்கைப் புண் எப்படி வருகிறது என்பதும் விளங்கிவிடும்.

மல்லாந்து படுத்திருக்கும்போது உடம்பின் பாரம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இறங்குவதில்லை. முதுகின் அடியில் இருக்கும் அகன்ற எலும்பு, குதிகால், பின்மண்டை, முழங்கை என்று எலும்பு துருத்தும் இடங்களில்தான் கூடுதலாக இறங்குகிறது. அங்கே மேலிருந்து எலும்பும் கீழிருந்து மெத்தையும் நெருக்க, நடுவில் உள்ள சதையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. உணர்ச்சியும் அசைவும் உள்ளவர் வலி தெரிந்தவுடன், தூக்கத்தில்கூடப் புரண்டு படுத்துவிடுவார். நம் நோயாளியால் அது முடியாது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பெரும்பாலும் அதிக நெருக்கடிக்கு ஆளாவது எலும்பை ஒட்டிய ஆழத்தில் உள்ள சதை. தோலைவிடத் தசைக்கு ரத்தம் அதிகம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் தசைதான் முதலில் சாகும். மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு தெரியும்போது உள்ளே அதைவிடப் பெரிய பரப்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆழத்தில் நேர்ந்த காயம் தோலில் ஊதா நிறமாகத் தெரிய இரண்டு, மூன்று நாள்கூட ஆகும். நீண்ட அறுவை சிகிச்சைக்குப் போய் வந்தவருக்கு மூன்றாம் நாள் வார்டில் புண் தெரிந்தால், அது அறுவை மேசையிலேயே தொடங்கியிருக்கக்கூடும்.

இப்போது முதல் விடைக்கு வருவோம். ஒரு காலத்தில் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகைத் தேய்த்துவிடுவது செவிலியர் பயிற்சியில் ஒரு பாடமாகவே இருந்தது. நல்ல தோலில், எலும்பு துருத்தாத இடத்தில், மென்மையாகத் தடவிக்கொடுத்தால் நோயாளிக்கு இதமாக இருக்கும். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு அப்படிப்பட்டதல்ல. அங்கே நுண்குழாய்கள் ஏற்கெனவே அடிபட்டிருக்கின்றன. தேய்க்கத் தேய்க்க அவை கிழியும். ஸ்பிரிட் தோலை உலர்த்தி வெடிக்க வைக்கும்.

காற்று வளையம் பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். ஓட்டையின் மேல் புண் இருந்தால் அதன் மேல் எதுவும் படாதே என்று நினைப்போம். ஆனால் பாரம் முழுவதும் வளையத்தின் விளிம்பில் இறங்கி, சுற்றியுள்ள சதையை வட்டமாக நெருக்குகிறது. நடுவில் உள்ள இடத்துக்கு ரத்தம் வரும் வழி அடைபடுகிறது. கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கும் பழக்கமும் வேண்டாத ஒன்று. அதில் பாரம் பரவாது. கையுறை வழுக்கி விலகியும் விடும்.

களிம்பு நான்காவது விடை. மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் கேள்வியில் உள்ள சொல் ‘முதலில்’. பாரம் இறங்காதவரை எந்தக் களிம்பும் அங்கே ரத்தத்தைக் கொண்டுவராது. சிறுநீரில் தோல் ஊறாமல் இருக்க, மெதுவாகக் கழுவி ஒற்றியெடுத்துத் துத்தநாகக் களிம்பு பூசுவது நல்லது. அது ஈரத்துக்கான காப்பு, நெருக்கத்துக்கு மருந்தல்ல.

கேள்வித்தாளில் ‘சிவப்பு’ என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். நம்மில் பலருடைய கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. வெளுப்பதும் தெரியாது. அதனால் கையைத்தான் நம்ப வேண்டும். புறங்கையை அந்த இடத்திலும் பக்கத்துத் தோலிலும் மாறி மாறி வைத்துப் பார்த்தால் சூடு அல்லது குளிர்ச்சி வித்தியாசம் தெரியும். சுற்றியுள்ள சதையைவிடக் கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா, நிறம் நீலமாகவோ ஊதாவாகவோ அடர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோல் நன்றாகத்தான் இருக்கிறது என்று பார்வையால் மட்டும் முடிவு கட்டிய இடத்தில் மறுநாள் கொப்புளம் வந்து நிற்கும்.

அடுத்த கேள்வி, எப்படித் திருப்புவது? நேராகப் பக்கவாட்டில் 90 டிகிரிக்குப் படுக்க வைத்தால், இடுப்பின் பக்கத்தில் துருத்தும் தொடை எலும்பின் முனையில் பாரம் முழுவதும் விழும். பின்பக்கச் சிவப்பைக் காப்பாற்றப் போய் பக்கவாட்டில் புதிய புண்ணை வரவழைத்துவிடுவோம். அதனால்தான் 30 டிகிரி. ஒரு தலையணையைத் தோளிலிருந்து இடுப்புவரை முதுகுக்குப் பின்னால் செருகி, உடம்பை லேசாகச் சாய்த்து வைப்பது. பாரம் பிட்டத்தின் சதைப்பற்றான பகுதியில் இறங்கும். சரியாக வைத்தோமா என்று பார்க்க எளிய வழி உண்டு: கையை அந்தச் சிவந்த இடத்துக்கு அடியில் விட்டுப் பாருங்கள். கை நெருக்கப்படாமல் போய் வந்தால் சரி. முழங்கால்களுக்கு நடுவில் இன்னொரு தலையணை. கெண்டைக்காலின் நீளத்துக்கு ஒன்று வைத்து, குதிகால் எதிலும் படாமல் நிற்கச் செய்ய வேண்டும். செயலிழந்த இடது கைக்கும் தனியாகத் தாங்கல் வேண்டும்.

இந்த நோயாளியிடம் ஒரு சிக்கல் இருக்கிறது; தேர்வு எழுதுபவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். படுக்கையின் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தாதே என்று படுக்கைப் புண் பாடம் சொல்கிறது. குழாய் உணவு கொடுக்கும்போது 30 முதல் 45 டிகிரிவரை உயர்த்தி வை, இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குப் போய்விடும் என்று இன்னொரு பாடம் சொல்கிறது.

உயர்த்தினால் என்ன கெடுதல் என்பதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். ஒரு புறங்கையின் மேல் மறு உள்ளங்கையை அழுத்தி, தோலை விடாமல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தோல் ஒரு பக்கம் இழுபடும். அடியில் எலும்பு அசையாமல் நிற்கும். சாய்ந்து உட்கார்ந்த நோயாளி மெல்லச் சரியும்போது இதுவேதான் நடக்கிறது. விரிப்பில் ஒட்டிய தோல் அங்கேயே நிற்க, எலும்பு கீழே இறங்குகிறது. நடுவில் உள்ள ரத்தக் குழாய்கள் முறுக்கி இழுபடுகின்றன. இப்படி இழுபடும் சதையில் குறைந்த அழுத்தமே ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

ஆகவே உணவு கொடுக்கும்போதும் அதன்பின் ஒரு மணி நேரம்வரையும் தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும், மூச்சுப்பாதைதான் முக்கியம். பிறகு 30க்கு இறக்கலாம். சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து உணவு போகிறவருக்கு 30ஐ விட்டுக் கீழே இறக்கக் கூடாது. உயர்த்தும் முன் முழங்கால் பக்கத்தை முதலில் மடக்கி உயர்த்திவிட வேண்டும். இந்த வரிசை மாறினால் நோயாளி சரிந்துவிடுவார்.

சரிந்துவிட்டவரை மேலே ஏற்றும்போது அக்குளில் கைகொடுத்து இழுப்பதைப் பல வார்டுகளில் பார்க்கலாம். விரிப்பில் உரசித் தோல் வழன்றுவிடும். பக்கவாதம் வந்த தோள்மூட்டு நழுவிவிடும். முதலில் குழாய் உணவை நிறுத்த வேண்டும். அதன் பிறகே படுக்கையைத் தட்டையாக்கலாம். சக்கரங்களைப் பூட்டி, படுக்கையைத் தூக்குபவரின் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். தோளிலிருந்து தொடைவரை விரித்த டிரா ஷீட்டை இருவர் இரு பக்கமும் உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, கால்களை அகட்டி முழங்காலை மடக்கி, எண்ணிச் சொல்லி ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்த வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் உதவிக்கு ஆள் வரும்வரை காத்திருப்பதே சரி. செவிலியரின் முதுகும் ஒரு முதுகுதான்.

கேள்வியில் பிராடன் அளவுகோலின் மதிப்பெண்ணும் கேட்கப்படலாம். அமெரிக்கச் செவிலியர்கள் பார்பரா பிராடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் 1980களில் உருவாக்கிய அளவுகோல் இது. உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உரசல் என்று ஆறு தலைப்பு. மொத்தம் 6 முதல் 23 வரை. குறையக் குறைய ஆபத்து கூடும். 18க்கு வந்தாலே கவனிக்க வேண்டும். நம் நோயாளிக்கு உணர்வு சற்றே குறைவு, 3. அடிக்கடி ஈரம், 2. படுக்கையோடு படுக்கை, 1. அசைவு மிகக் குறைவு, 2. போதாத குழாய் உணவு, 2. தூக்கினால் உரசல், 1. ஆக 11. அதிக ஆபத்து. மொத்தத்தைவிட எந்தத் தலைப்பில் மதிப்பெண் விழுந்தது என்பதுதான் வேலைக்கு உதவும். ஈரத்தில் விழுந்ததை நாப்கின் மாற்றும் நேரத்தாலும், உணவில் விழுந்ததைப் புரதத்தைக் கூட்டியும் சரிசெய்யலாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விடை. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு உடைந்த வீரர்களுக்கான பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மான் இரவு பகலாக இதைக் கண்டிப்புடன் நடத்தினார். படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சாவார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் அங்கே பிழைத்தார்கள். பின்னாளில் பாராலிம்பிக் போட்டிகளாக வளர்ந்ததும் அவர்களிடமிருந்து தொடங்கியதுதான்.

ஆனால் இரண்டு மணி என்பது எல்லா உடம்புக்கும் பொருந்தும் கணக்கல்ல. திருப்பி அரை மணி நேரம் கழிந்தும் பழைய இடத்தின் சிவப்போ சூடோ போகாவிட்டால் இரண்டு மணியே அவருக்கு அதிகம். இடைவெளியைக் குறைக்க வேண்டும். மறுபக்கம், அமெரிக்க, கனடிய முதியோர் இல்லங்களில் 900க்கும் மேற்பட்டவர்களை வைத்து இதே பெர்க்ஸ்ட்ராம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு, மூன்று, நான்கு மணி இடைவெளிகளுக்குள் புண் வருவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் எல்லாரும் அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்தவர்கள். தொடங்கும்போது யாருக்கும் புண் இல்லை. வீட்டில் இரவெல்லாம் விழித்திருக்கும் மகளோ மருமகளோ, நல்ல மெத்தை இருந்து, காலையில் தோலும் தெளிவாக இருந்தால், மருத்துவரைக் கேட்டு இரவு இடைவெளியை நீட்டிப் பார்க்கலாம். கேள்வியில் வந்த பெண்ணுக்குச் சிவப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. அவரை இரண்டு மணிக்கு மேல் விடக் கூடாது. சிவப்பு மறையும்வரை மல்லாந்து படுக்க வைப்பதைத் தவிர்த்து, வலம், இடம் என்று மாற்றி மாற்றிச் சாய்த்து வைக்க வேண்டும். செயலிழந்த இடது பக்கம் சாய்க்கும்போது நேரத்தை இன்னும் குறைக்க வேண்டும்.